ஏட்டு வேடத்துக்கு ஆள் தேடுகிறீர்களா? நடிகர் படத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதும் முறை

வடபழனி, சாலிகிராமம் பக்கம் எந்தச் சினிமா ஆபீசில் உதவி இயக்குநராகச் சேர்ந்தாலும் சீக்கிரமே இந்த வேலை உங்கள் தலையில் விழும். வாட்ஸ்அப்பில் குவிந்து கிடக்கும் நடிகர் படங்களைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் நாலு வரி குறிப்பு எழுதி, யாரை ஆடிஷனுக்குக் கூப்பிடலாம் என்று இயக்குநருக்குச் சொல்ல வேண்டும். புதியவர்கள் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சூப்பர் லுக். பக்கா போலீஸ் ஃபேஸ். கொஞ்சம் கருப்பு. வயசு செட் ஆகும்." இதைப் படித்த பிறகும் இயக்குநர் படத்தைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த நாலு வரியில் அந்த மனிதரின் முகத்தைப் பற்றி ஒரு தகவல்கூட இல்லை.

ஒரு படத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று சங்கதிகள். ஒன்று, எலும்பு: தாடை, கண்குழி, உயரம், தோள் அகலம். இதை யாரும் மாற்ற முடியாது. இரண்டாவது, மாற்றக்கூடியது: மீசை, முடி, டை, ஓரளவுக்கு எடை. மூன்றாவது, கேமராவும் வெளிச்சமும் செய்த வேலை. இது அந்த ஆளிடம் இல்லவே இல்லை. குறிப்பு எழுதுவது என்றால் இந்த மூன்றையும் பிரித்து எழுதுவதுதான். ஒரு வேடத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம்.

வேடம் என்ன கேட்கிறது

சின்ன பட்ஜெட் படம். புளியந்தோப்பு பக்கம் ஒரு காவல் நிலையம். 57 வயது ஏட்டு. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60 என்பதால் இன்னும் மூன்று வருடம் பாக்கி. படம் முழுக்க அவரை யாரும் கவனிப்பதில்லை. கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டருக்கு எதிரே நின்று, ஒரு பையனைக் காப்பாற்ற முகம் மாறாமல் பொய் சொல்கிறார். அங்கே நீண்ட க்ளோசப். இன்ஸ்பெக்டர் வேடத்துக்கும் ஏட்டின் மகள் வேடத்துக்கும் ஏற்கெனவே ஆள் முடிவாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஐந்தடி ஒன்பது அங்குலம். மகளுக்கு நேரான அடர்த்தியான புருவம், அகலமான கீழ்த்தாடை.

படங்களைத் திறக்கும் முன்பே, கண்ணால் சரிபார்க்கக்கூடிய தேவைகளாக இதை எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், பிடித்த முகத்துக்கு ஏற்றபடி தேவையே வளைந்துவிடும்.

இந்த வேடத்துக்கு எனக்குத் தெரிவது நான்குதான். தோற்ற வயது 54 முதல் 60 வரை. உயரம் ஐந்தடி ஆறு முதல் ஒன்பது வரை. இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. காவலர் தேர்வில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167 செ.மீ. அதாவது சுமார் ஐந்தடி ஐந்தே முக்கால் அங்குலத்துக்குக் கீழே போனால் காக்கி போட்ட ஆள் நம்பும்படி இருக்காது. மேல் எல்லை இன்ஸ்பெக்டரால் வருகிறது: கடைசிக் காட்சியில் ஏட்டு அவரைக் குனிந்து பார்க்கக் கூடாது. மூன்றாவது, தொப்பி போட்ட பிறகும் கண் தெரிய வேண்டும். நான்காவது, மகளோடு புருவத்திலோ தாடையிலோ ஓர் ஒட்டுதல்.

தேவையில்லாததையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மீசை தேவையில்லை, வளர்க்கலாம், ஒட்டலாம். தலைமுடி தேவையில்லை, பாதி நேரம் தொப்பி. தொப்பை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஏட்டு என்றாலே தொப்பை என்பது நம் சினிமா போட்டு வைத்த பழக்கம், இந்தக் கதை அதைக் கேட்கவில்லை.

ஆளைப் பார்க்கும் முன் படத்தைப் பாருங்கள்

முதலில் காது. முன்பக்கப் படத்தில் இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தால், கேமரா ஓரளவு தள்ளி நின்றிருக்கிறது. காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூக்கு முன்னால் வந்து நின்றால், அது கைநீட்டி எடுத்த செல்ஃபி. ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதனால் செல்ஃபியை வைத்து "பெரிய மூக்கு, ஒடுங்கின முகம்" என்று எழுதவே எழுதாதீர்கள். கேமரா நெருங்க நெருங்க முகத்தின் நடுப்பகுதி வீங்கும், ஓரங்கள் உள்ளே போகும். தாடை அகலம் கேட்கும் நம் வேடத்துக்கு இது நேரடியாக இடிக்கும்.

அடுத்தது கருவிழி. படத்தைப் பெரிதாக்கி, கருவிழியில் என்ன பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். வெள்ளை வளையம் தெரிந்தால் ரிங் லைட். நேர் எதிரிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் அடித்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்குக் கீழே பை, கன்னக் குழி, மூக்கோரக் கோடு எல்லாம் மறைந்திருக்கும். இந்தப் படத்தில் ஒருவர் 45 வயதாகத் தெரிந்தால் நேரில் 50க்கு மேல் இருக்கலாம். கருவிழியில் ஒரு பக்கம் மட்டும் சதுர வெளிச்சம் இருந்தால் ஜன்னல். அந்தப் படத்தை நம்பலாம்.

ஃபில்டர் போட்டதைக் கண்டுபிடிக்கச் சட்டையைப் பாருங்கள். சட்டைத் துணியின் நெசவு தெளிவாகத் தெரியும்போது தோலில் மட்டும் ஒரு துவாரம்கூட இல்லை என்றால் அது செய்த தோல். தாடைக்குப் பின்னால் இருக்கும் கதவு விளிம்போ டைல்ஸ் கோடோ அந்த இடத்தில் மட்டும் வளைந்திருந்தால் தாடையை யாரோ செதுக்கியிருக்கிறார்கள். சட்டைப் பாக்கெட் வலது மார்பில் இருந்தால் படம் கண்ணாடிபோல் இடவலம் திரும்பியிருக்கிறது. வகிடு, மச்சம், தழும்பு எந்தப் பக்கம் என்று எழுதும் முன் இதைக் கவனிக்காவிட்டால், பிறகு மேக்கப் அறையில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

தோல் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் நம்பவே கூடாத விஷயம் நிறம்தான். டியூப்லைட் ஒன்று காட்டும், வெயில் ஒன்று காட்டும், போன் தானாகவே கொஞ்சம் வெளுக்க வைக்கும். குடும்பமாக வரும் பாத்திரங்களை ஒருவருக்கொருவர் ஒப்பிடும்போது மட்டும், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் எழுதுங்கள். மற்றபடி "கருப்பு", "கலர்" என்று ஒரு வார்த்தையில் எழுதும் பழக்கம் நம் தொழிலில் நிறைய ஊறிப்போயிருக்கிறது. அது சோம்பேறித்தனம் என்பதே என் எண்ணம்.

முகத்தை எழுதும் வரிசை

வெளிக்கோட்டிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் முக வடிவம்: நீளமா, வட்டமா, தாடை அகன்று சதுரமா. அப்புறம் நெற்றி, புருவம், கண், கன்ன எலும்பு, மூக்கு, வாய், மோவாய், கழுத்து. எல்லாருக்கும் ஒரே வரிசையில் எழுதினால்தான் பிறகு ஒப்பிட முடியும். அழகு, கம்பீரம், வில்லத்தனம் மாதிரி வார்த்தைகளை இந்தக் கட்டத்தில் அண்டவே விடாதீர்கள். அவை முகத்தில் இல்லை, பார்க்கும் நம்மிடம் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு எழுத வேண்டியதில்லை. வேடம் எதைக் கேட்கிறதோ அங்கே நின்று எழுதுங்கள். நம் ஏட்டுக்கு அது கண். "கண் நன்றாக இருக்கிறது" என்றால் ஒன்றும் புரியாது. புருவ எலும்பு கண்ணுக்கு மேல் எவ்வளவு முன்தள்ளி இருக்கிறது? கண் குழிக்குள் ஆழமாக இருக்கிறதா, முன்னால் வந்து இருக்கிறதா? மேலிமை முழுதாகத் தெரிகிறதா, சதை மடிந்து இமை விளிம்பை மூடுகிறதா? சும்மா இருக்கும்போது கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிகிறதா? இதெல்லாம் ஏன் முக்கியம் என்றால், தொப்பி விளிம்பு நெற்றியை மறைத்துவிடும், சென்னை வெயிலில் அதன் நிழல் நேரே கண்ணில் விழும். புருவ எலும்பு முன்தள்ளி, கண் ஆழத்தில் இருப்பவருக்கு அந்த நிழலில் கண் இரண்டு கரும்புள்ளியாகிவிடும். அந்தக் க்ளோசப்பில் பொய் சொல்வது கண்தான்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை: ஒரு காகிதத் துண்டைக் கம்ப்யூட்டர் திரையில் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து நெற்றியை மறைத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் முகம் தனியாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். மீசைக்கும் இதே வழிதான். அனுபவப்பட்ட ஒரு மேக்கப்மேன் எனக்குச் சொன்னது: "தம்பி, மீசையை விரலால மூடிட்டு முகத்தைப் பாரு. அப்பவும் போலீஸா தெரிஞ்சா கூப்பிடு." மேலுதட்டின் நீளம், உதட்டோரம் கீழே இறங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

வயதைக் கழுத்தில் தேடுங்கள். மீசைக்கும் தலைக்கும் டை அடிக்கலாம். மோவாய்க்குக் கீழே தொங்கும் தோலுக்கும், காது மடல் தளர்வுக்கும், புறங்கை நரம்புக்கும் அடிக்க முடியாது. வயதை ஒரே எண்ணாக எழுதாமல் வீச்சாக எழுதுங்கள், ஆனால் ஆறேழு வருடத்துக்கு மேல் விரிக்காதீர்கள். "40 முதல் 60 வரை ஓகே" என்பது யாருக்கும் உதவாது.

உடம்பு

முகப் படத்திலிருந்து உடம்பை ஊகிக்கக் கூடாது. கழுத்தின் தடிமன், தோள் சரிவு இரண்டும் தெரியும், அவ்வளவுதான். முழு உயரப் படம் இருந்தாலும் கேமரா எங்கே இருந்தது என்று பாருங்கள். இடுப்புக்குக் கீழிருந்து எடுத்தால் கால் நீண்டு ஆள் வளர்ந்துவிடுவார். கை கட்டி நிற்கும் படம் இன்னொரு தொல்லை. தோள் அகலம், இடுப்பு, கை நீளம் மூன்றையும் ஒரே அடியாக மறைக்கிறது. நம் ஊர் போர்ட்ஃபோலியோக்களில் ஆண்கள் அதே போஸில்தான் நிற்கிறார்கள்!

உயரத்துக்கு, அவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவு நிலையில் முதுகு ஒட்டி நின்று ஒரு படம் கேளுங்கள். கேமரா மார்பு உயரத்தில், எட்டுப் பத்தடி தள்ளி இருக்கட்டும். நிலையின் உயரத்தை டேப்பால் அளந்து சொல்லச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஏழடி இருக்கும், பழைய வீடுகளில் மாறும். திரையில் ஸ்கேல் வைத்து அளங்கள். நிலை 14 செ.மீ., ஆள் 11.2 செ.மீ. என்றால், 84 அங்குலத்தை 11.2ஆல் பெருக்கி 14ஆல் வகுத்தால் 67.2 வருகிறது. ஐந்தடி ஏழு. வெறுங்காலில் நிற்கச் சொல்ல மறக்காதீர்கள்.

எழுதும்போது "குண்டு", "நோஞ்சான்" வேண்டாம். எடை எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்: கழுத்து மெலிவு, வயிறு முன்தள்ளல், தோள் ஒரு பக்கம் இறக்கம், கால் ஒல்லி. ஒடிசல், பூசினாற்போல், வாட்டசாட்டம் மாதிரி நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன, ஆனால் எந்த இடத்தில் என்று கூடவே சொன்னால்தான் உடை தைப்பவருக்கும் பயன்படும். இன்னொன்று, இந்தக் குறிப்பு ஃபார்வர்ட் ஆகி அந்த நடிகர் கைக்கே போகவும் வாய்ப்புண்டு.

மூன்று பேர்

ஏட்டு வேடத்துக்கு வந்ததில் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஆள் ஸ்டுடியோ படம் அனுப்பியிருக்கிறார். கருப்புச் சட்டை, முறுக்கு மீசை, கை கட்டிய போஸ். ஆபீசில் எல்லாரும் "இவர்தாங்க போலீஸ்" என்பார்கள். கருவிழியில் வளையம், ஆக ரிங் லைட். மீசையை மூடிப் பார்த்தால் மேலுதடு குட்டை, வாயோரம் மேல்நோக்கி இருக்கிறது, சிரிக்கத் தயாராக இருக்கும் வாய். காகிதத்தை வைத்தால் புருவ எலும்பு முன்தள்ளி, கண் உள்ளே போய்விட்டது. ரிங் லைட்டிலேயே இப்படி என்றால் வெயிலில் கேட்கவே வேண்டாம். கழுத்துத் தோல் இறுக்கம், 45ஐத் தாண்டாது. கதவுப் படம் வாங்கி அளந்தால் ஆறடிக்கு அரை அங்குலம்தான் குறைவு. போலீஸாகக் காட்டியது மீசை மட்டும்தான், அது நம் தேவைப் பட்டியலிலேயே இல்லை. வயது, உயரம், கண் மூன்றும் பொருந்தவில்லை.

இரண்டாமவர் அனுப்பியது மொட்டை மாடியில் எடுத்த செல்ஃபி. மூக்கு பெரிதாக, காது காணாமல், கொஞ்சம் மங்கல். பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கண் குழிக்குள் இல்லை, முன்னால் இருக்கிறது. மேலிமை வெளி ஓரத்தில் மட்டும் சற்று இறங்கியிருக்கிறது, கீழே பை. புருவம் நேர்கோடு, ஓரம் நரைத்திருக்கிறது. தாடை எவ்வளவு அகலம் என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் "நிராகரி" என்றும் எழுத முடியாது, "பொருத்தம்" என்றும் எழுத முடியாது. இந்த இடத்தில் எழுத வேண்டியது "மறுபடம் தேவை" என்பதுதான்.

மறுபடம் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: வேறொருவர் போனைப் பிடிக்கட்டும், பின்பக்கக் கேமரா, ஆறேழு அடி தள்ளி நின்று 2x ஜூம். காலை நேரம், வீட்டு வாசல் நிழல். நேர், இரண்டு பக்கவாட்டு, முக்கால் பார்வை, கதவு நிலை. ஃபில்டர் இல்லாமல், சிரிக்காமல். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக வந்தால் சுருங்கி, நுணுக்கம் போய்விடும். இவருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ஏதாவது ஒரு தொப்பி போட்டு நண்பகல் வெயிலில் ஒரு படம்.

வந்த படங்களில் மூக்கு சாதாரண அளவு. இரண்டு காதும் தெரிகின்றன. கீழ்த்தாடை காதுக்குக் கீழேயே அகன்று இறங்குகிறது, மகளாக நடிக்கும் பெண்ணின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கோடு அப்படியே பொருந்துகிறது. உயரம் ஐந்தடி ஏழு. வலது தோள் இறக்கம். தொப்பி நிழலிலும் கண்ணின் ஈர மினுக்கு தெரிகிறது.

மூன்றாமவர் நாடகக்காரர். படங்கள் ஒழுங்காக எடுத்தவை. வயது 57 என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், உயரம் ஐந்தடி ஆறு. நீள முகம், தூக்கிய கன்ன எலும்பு, வில்போல் வளைந்த புருவம், கூரான மோவாய். கண் ஓரளவு ஆழம். புருவத்தை மேக்கப்பில் நேராக்கலாம். மோவாயை என்ன செய்வது? நீண்ட க்ளோசப்பில் ஒட்டுவேலை தெரிந்துவிடும், இந்த பட்ஜெட்டில் நல்ல ஒட்டுவேலைக்கு இடமும் இல்லை.

இரண்டாமவருக்கு இயக்குநர் மேசைக்குப் போகும் குறிப்பு இப்படி:

"ஏட்டு 11. தோற்ற வயது 55–59. உயரம் 5'7" (கதவுப் படத்தில் அளந்தது). அகன்ற சதுரத் தாடை, நேர்ப் புருவம். மகளோடு தாடைக்கோடு ஒத்துப்போகிறது. கண் முன்னால், வெளியோர இமை இறக்கம். தொப்பி நிழலில் கண் தெரிகிறது. கழுத்து தடிமன், வலது தோள் இறக்கம், வயிறு லேசாக முன்தள்ளல். மாற்றக்கூடியது: மீசை இல்லை, நான்கு வாரத்தில் வளர்க்கலாம், முடியில் டை. படத்தில் தெரியாதது: குரல், நடை, இடது பக்கப் பல். ஆடிஷனில் கேட்க: பொய் சொல்லும் காட்சி, தொப்பியோடு."

"படத்தில் தெரியாதது" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அந்த வரிதான் ஆடிஷனில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது.

இதே வேடம் மேடையில் என்றால்

இதே கதையை எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நாடகமாகப் போட்டால் வரிசை தலைகீழாகும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு இமை இறக்கமும் தெரியாது, கண் ஈரமும் தெரியாது. மகளோடு தாடை ஒற்றுமை வீணான கவலை. அங்கே வெளிக்கோடு பேசும்: தோளின் சரிவு, கழுத்து நீளம், கையின் நீளம், நிற்கும் விதம். மேலே முன்பக்கமிருந்து சாய்வாக விழும் விளக்கில் தூக்கிய கன்ன எலும்பும் நீள முகமும் தூரத்துக்கும் தெளிவாக வரும். ஆழமான கண்ணுக்கு அங்கேயும் நிழல் விழும்தான், ஆனால் அதைக் கண் மையாலும், தொப்பியைச் சற்று பின்னால் தள்ளி வைப்பதாலும் சரிக்கட்டலாம். மேடைக்கு மூன்றாமவர் முதலில் வருவார், இரண்டாமவர் அடுத்து. முதல் ஆள் உயரத்தால் அங்கேயும் இன்ஸ்பெக்டரை அமுக்கிவிடுவார். சினிமாவில் ஒரு ஷாட்டுக்கு இன்ஸ்பெக்டரைப் பலகை மேல் ஏற்றிவிடலாம், மேடையில் இரண்டு பேரும் நடந்தாக வேண்டும்.

அதனால் மேடைக்கு ஆள் தேடும்போது முகப் படத்தைவிட முழு உயரப் படத்தை முதலில் கேளுங்கள். முடிந்தால் அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கும் பத்து விநாடி வீடியோ ஒன்றும் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு கடமை பாக்கி. தேர்வான ஒருவர், மாற்றாக வைத்த ஒருவர், இவர்கள் படங்களை மட்டும் ஃபோல்டரில் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள், குறிப்பாகப் பெண்கள் அனுப்பியவற்றை. வேறு கம்பெனி உதவி இயக்குநர் "அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் தட்டிவிடு மச்சான்" என்று கேட்பார். அனுப்பும் முன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.